பதினைந்து எழுத்து

பன்னிரண்டாம் தேதி காலை. ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். பயிற்சிக்கு வந்த பெண் மேனேஜர் மேசைக்கு முன்னால் பில் காப்பியோடு நின்றாள்.

"சார், நேத்து ஃபைல் பண்ண ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை ரிட்டர்ன்ல ஒரு பில்லைத் தப்பான பார்ட்டி நம்பர்ல போட்டுட்டேன்."

ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு கடைகள். இரண்டு ஜிஎஸ்டி எண்ணும் 33 என்றுதான் தொடங்கும், அது தமிழ்நாட்டுக் குறியீடு. அடுத்த பத்து எழுத்தான பான் மட்டும் வேறு. பில் 50,000, வரி 9,000. யார் பெயரில் போட்டாலும் மொத்தம் டேலி ஆகிவிடும். எண் செல்லுபடியானதா என்றுதான் போர்ட்டல் பார்க்கும், சரியான ஆளுடையதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

அவள் சொல்லாமல் இருந்திருந்தால், பதினான்காம் தேதி வாங்குபவருக்கான 2பி பட்டியல் வந்த பிறகு வாங்கிய கடைக்காரர் 9,000 வரி கிரெடிட்டைக் காணோமென்று போன் போட்டிருப்பார். அது தேவலை. போன் வராமலே போயிருந்தால்தான் வம்பு.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஃபைல் பண்ண லிஸ்டை பில்லோட ஒண்ணொண்ணா வச்சுப் பார்த்தேன் சார்."

மேனேஜர் திட்டவில்லை. அடுத்த மாத ரிட்டர்னில் 9ஏ அட்டவணையில் திருத்தலாம், கிரெடிட் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்று கடைக்காரரிடம் அவளையே பேசச் சொன்னார்.

அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி. ஓடிபி வரும் செல்போனை அவள் மேசையில் வைத்தார்.

"பார்த்து முடிச்சதும் நீயே போட்டுடும்மா."

சாப்பிடக் கிளம்பிவிட்டார்.