இலை எடை

மார்ச் 4
பழைய கூலி ஒப்பந்தம் முடிந்து ஏழு மாதமாகிறது. இன்று திருநெல்வேலியில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நான்காவது பேச்சுவார்த்தை. முக்கூடலில் இருந்து நாங்கள் ஆறு பேர் போனோம். ஆயிரம் பீடிக்கு 30 ரூபாய் கூட்டிக் கேட்கிறோம். கம்பெனி 12-லேயே நிற்கிறது. சங்கத்து அண்ணாச்சி குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 11
சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஸ்ட்ரைக் என்கிறார்கள். அண்ணாச்சி வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "எம்மா, நாம சுத்தலேன்னா இலையை அடுத்த ஊருக்கு அனுப்பிருவான். அவன் பீடி நிக்காது, நம்ம அடுப்புதான் நிக்கும்" என்றார். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்கள் பாடு அதுதான். அப்புறம் சம்பந்தமில்லாமல், இலை பத்துகிறதா என்று கேட்டார். எங்கே பத்துகிறது? கடையில் கிலோ 200 ரூபாய்க்கு வாங்கித்தான் ஆயிரத்தை நிறைக்கிறோம். கம்பெனி இலை கொடுக்கும் பீடிக்கடையில் கேட்டால், ஆயிரத்துக்கு உண்டான 700 கிராமைத் தராசில் சரியாகக் காட்டுகிறான்.

மார்ச் 12
அண்ணாச்சி என் பங்கு இலையை வாங்கிப் போய்விட்டார். இன்று எனக்கு வேலை இல்லை.

மார்ச் 19
இன்று நடந்ததை விட்டுவிடாமல் எழுத வேண்டும். அண்ணாச்சி மஞ்சப்பையில் இருந்து அந்த இலையை எடுத்து அதிகாரி மேசையில் வைத்தார். கூடவே ஒரு சின்னத் தராசு. வாங்கிய அன்று 700 கிராம், ஒரு வாரம் நிழலில் உலர்த்தியபின் 640. இலை நொறுங்காமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பது வழக்கம்தான். ஆனால் அந்தத் தண்ணீரையும் இலைக்கணக்கில் சேர்த்து நிறுத்திருக்கிறார்கள். குறையும் 60 கிராமுக்குக் கடையில் 12 ரூபாய். "நீங்க கூட்டித் தாரேன்னு சொல்றதும் 12 தானே, ஐயா?" என்று மட்டும் கேட்டார். மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

ஏப்ரல் 2
கம்பெனி 20 ரூபாய்க்கு வந்துவிட்டது, உலர்ந்த எடையில் 700 கிராமும் தருமாம். ஆனால் அதிகாரி இல்லாமல் நமக்குள்ளேயே கையெழுத்துப் போட்டு முடிக்கலாம் என்கிறார்கள். அண்ணாச்சி ஒப்பவில்லை. அது தொழில் தகராறு சட்டத்தில் 18(1) ஒப்பந்தம், கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் கட்டும். அதிகாரி முன்னிலையில் 12(3) போட்டால் சங்கத்தில் சேராத பெண்களுக்கும் கிடைக்கும். சந்தா கட்டாதவளுக்கு எதற்கு என்று நான் வாய்விட்டே கேட்டேன். "அவளுக்குக் கொறச்சுக் குடுத்தா, நாளைக்கு இலை அவ வீட்டுக்குத்தானே போகும்?" என்றார். சரிதான்.

ஏப்ரல் 10
12(3)-லேயே கையெழுத்தாயிற்று. எட்டு மாதப் பாக்கி இரண்டு தவணையில் வரும். 30 கிடைக்கவில்லையே என்று சிலருக்கு இன்னும் மனத்தாங்கல்.

ஏப்ரல் 13
பீடிக்கடையில் கணக்குப்பிள்ளை தானாகவே தராசை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். சாயங்காலம் நாற்பதாவது கட்டைக் கட்டி முடித்தபோது சுளகில் ஒரு கைப்பிடி இலை மிச்சம் கிடந்தது.