முகமில்லாத காவலர்

மார்ச் 3
கலங்கரை விளக்கம் பற்றி 60 விநாடி வீடியோ. புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்கப்போவதில்லை. கையில் 11 பழைய கிளிப்புகள், மீதிக்கு விலைக்குக் கிடைக்கும் ஸ்டாக் கிளிப்புகள். பழக்க தோஷத்தில் முதலில் ஸ்டோரிபோர்டு வரைந்தேன். 15 கட்டம், சராசரியாகக் கட்டத்துக்கு 4 விநாடி. மூன்றாவது கட்டத்தில் காவலர் படியேறி, விளக்கறைக் கதவைத் திறந்து, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்.

மார்ச் 4
அந்தச் சிரிப்பு எங்கும் கிடைக்கவில்லை. படியேறுபவர் ஒருவர், கதவைத் திறப்பவர் வேறொருவர். வயதும் சட்டையும் ஒட்டவே இல்லை. சரி, முகமே வேண்டாம். படியில் ஏறும் காலணி, கைப்பிடியைப் பற்றும் கை, ஜன்னலை மறைக்கும் நிழலுருவம் என்று கட்டத்தை மூன்றாக உடைத்தேன். அசலில் மூன்று பேர். அடுத்தடுத்து வைத்தால் ஒரே ஆள்தான்.

மார்ச் 6
இப்போது கோபுரமே தகராறு. ஒரு கிளிப்பில் சிவப்பு வெள்ளைப் பட்டை, இன்னொன்றில் முழு வெள்ளை. போதாததற்கு ஒவ்வொரு விளக்கும் தனக்கென்று ஒரு தாளத்தில் மின்னும். கப்பல்காரர்கள் அதை வைத்துத்தான் இது எந்த விளக்கு என்று கண்டுகொள்வார்கள். இரண்டு கோபுரங்களைக் கலந்தால் அந்தத் தாளம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வெளிப்புறக் காட்சி எல்லாம் ஒரே 4கே கிளிப்பிலிருந்துதான். வீடியோ 1920×1080 என்பதால், 3840×2160 கிளிப்பில் கால்வாசிப் பரப்பை மட்டும் வெட்டி எடுத்தாலும் கூர்மை குறையாது. முழுச் சட்டகம் தூரக்காட்சி, வெட்டிய பகுதி அண்மைக்காட்சி. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கக்கூடாது. கேமரா கோணம் மாறாததால் சும்மா ஜூம் செய்த மாதிரி தெரியும். நடுவில் விளக்கின் லென்ஸ் ஷாட்டை வைத்தேன்.

மார்ச் 7
கப்பல் முதல் ஷாட்டில் இடமிருந்து வலம் போகிறது, அடுத்ததில் வலமிருந்து இடம். பார்த்தால் பாதியில் திரும்பிவிட்டது போல இருக்கிறது. இரண்டாவதைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பினேன். திசை சரியானது, கப்பலின் பெயர் இடவலம் மாறிவிட்டது! பெயர் தெரியாத, தொலைவில் போகும் கப்பலாகத் தேடி எடுத்தேன். ஷாட் பட்டியலில் இனி 'திசை' என்று ஒரு பத்தி.

மார்ச் 9
பட்டியலில் கூடிய இன்னொரு பத்தி லைசென்ஸ். இது விளம்பர வீடியோ. எனக்குப் பிடித்த புயல் அலை ஷாட்டில் 'செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றிருந்தது, எடுத்துவிட்டேன். மற்றவற்றை வாட்டர்மார்க் உள்ள மாதிரிப் பிரதியாகவே டைம்லைனில் போட்டிருக்கிறேன். வரிசை உறுதியான பிறகுதான் காசு.

மார்ச் 10
விளக்கு ஏற்றப்படும் அந்தக் கணம் மட்டும் கிடைக்கவில்லை. பகலில் அணைந்த விளக்கு இருக்கிறது, இரவில் சுழலும் விளக்கு இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. கட்டத்தைக் கறுப்பாகத் தீட்டி, கீழே '1 விநாடி இருட்டு, சுவிட்ச் சத்தம்' என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் லென்ஸ் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிறது.