பக்கவாட்டில் இருந்தால் கிளாஸ் ஃபைவா?

வடசென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ப்ரீகிளினிக்கல் லேபில், நோயாளிகளைத் தொடும் முன் பயிற்சி பெறும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கேவிட்டி வெட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு புது பேட்ச் வரும்போதும் நான் முதலில் நீட்டுவது ஒரே மாதிரியான பல்லைத்தான்: கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல், கன்னத்தைப் பார்த்த பக்கத்தில் நடுவில் கறுப்பாக ஒரு குழி. சொத்தையை வகுப்புகளாகப் பிரித்து எண் போடுவது எங்கள் வழக்கம்; இது என்ன கிளாஸ் என்று கேட்பேன்.

"பக்கல் சைடுல இருக்கு மேடம். கிளாஸ் ஃபைவ்."

பாதிப் பேராவது இதைத்தான் சொல்வார்கள். சரியான பதில் கிளாஸ் ஒன். புத்தகத்தைத் திறந்து காட்டினால் ஒத்துக்கொள்வார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். காரணம், பல்லின் எந்தப் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்பதை வைத்தே கிளாஸ் எண் போடப்படுகிறது என்று அவர்கள் மனதில் பதிந்துவிடுகிறது. அப்படிப் படித்தவர்கள் பல்லைக் குடையும் பர்ரைக் கையில் எடுத்த பிறகும் தடுமாறுகிறார்கள்.

சிகாகோவில் பல் மருத்துவர் ஜி.வி. பிளாக், 1908-இல் வெளிவந்த தன் நூலில் பிரித்துக் காட்டியது வேறு கணக்கு. சொத்தை எங்கே பிறக்கிறது, அதை எடுத்து அடைக்க எந்த மாதிரிப் பெட்டி வெட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. பல் உருவாகும்போதே எனாமலில் விழுந்த குழி, பிளவு ஆகியவற்றில் பிறக்கும் சொத்தை எல்லாம் கிளாஸ் ஒன். மற்ற நான்கும் வழுவழுப்பான பரப்பில் பிறப்பவை. பின்பற்களில் இரண்டு பல் தொட்டுக்கொள்ளும் இடுக்கில் வந்தால் கிளாஸ் டூ. முன்பற்களின் இடுக்கில் வந்து, வெட்டு முனையின் மூலை தப்பியிருந்தால் த்ரீ, மூலையும் போயிருந்தால் ஃபோர். எந்தப் பல்லானாலும் ஈறை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கில், உதட்டுப் பக்கமோ கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ வந்தால் ஃபைவ். வெட்டு முனையிலும் கூர்முகட்டிலும் வருகிற ஆறாவது வகுப்பு பின்னால் சேர்க்கப்பட்டது.

இப்போது அந்தக் கன்னப்பக்கக் குழிக்கு வருவோம். அது ஈறை ஒட்டி இல்லை, மேல் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கிறது. கன்னப்பக்கத்துப் பள்ளம் இறங்கிவந்து முடிகிற இடம் அது. வெளியே குண்டூசி முனை அளவுதான் வாய் தெரியும். உள்ளே போகப் போகச் சொத்தை விரிந்து, எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினைத் தொடும் இடத்தில் அகலமாகிவிடும். ஈறை ஒட்டி வருகிற கிளாஸ் ஃபைவ் சொத்தை இதற்கு நேர் எதிர். வெளியே அகலமாக வெள்ளைத் திட்டாகத் தொடங்கி, எனாமலுக்குள் போகப் போகக் குறுகும். முதலாவதில் சின்ன வாயைப் பெரிதாக்கி உள்ளே பார்க்க வேண்டும். இரண்டாவதில் எல்லாம் கண்முன்னே இருக்கிறது, ஆழமாகப் போகாமல் இருப்பதுதான் சாமர்த்தியம். ஒரே கன்னப்பக்கம்தான், ஆனால் கை செய்யும் வேலை வேறு.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பரப்பை வைத்துப் பெயர் சொல்கிற வழக்கம் தனியாக ஒன்று இருக்கிறது. மெல்லும் பரப்பான ஆக்லூசல் மட்டும் என்றால் ஓ, முன்பற்களை நோக்கிய இடுக்குப் பக்கமான மீசியலும் சேர்ந்தால் எம்.ஓ., பின்பக்க இடுக்கான டிஸ்டலும் சேர்ந்தால் எம்.ஓ.டி. ஓ.பி. ஷீட்டில் எழுதுவது இதைத்தான். அது எத்தனை பரப்பு, எந்தப் பரப்பு என்று மட்டும் சொல்லும். மேல்தாடை முதல் கடைவாய்ப் பல்லில் மெல்லும் பரப்பிலிருந்து அண்ணப் பக்கம் இறங்கும் பள்ளத்தில் சொத்தை வந்தால் இரண்டு பரப்பு வெட்டுகிறோம், ஆனாலும் அது கிளாஸ் ஒன்தான். எம்.ஓ.-வும் இரண்டு பரப்பு, அது கிளாஸ் டூ. ஏன் என்று கேட்டால் நான் காட்டுவது மார்ஜினல் ரிட்ஜை. முதலாவதில் பல்லின் இரண்டு ஓர வரம்புகளும் அப்படியே நிற்கின்றன. இரண்டாவதில் மீசியல் வரம்பை நாமே உடைத்து உள்ளே போகிறோம். பல்லின் பலம் குறைவது அங்கேதான்.

இந்தப் பக்கத்து ஆயாக்கள் சிலர் செங்கல் பொடியில் பல் தேய்த்து, ஈறு ஓரத்தில் வாய்க்கால் மாதிரித் தேய்த்து வைத்திருப்பார்கள். மாணவர்கள் அதையும் சொத்தை என்று எழுதி வருவார்கள். இடம் கிளாஸ் ஃபைவ் இடம்தான். ஆனால் கூர்முனைக் கருவியான எக்ஸ்ப்ளோரரை ஓட்டினால் கண்ணாடி போல் கெட்டியாக வழுக்கும், மெத்தென்று இறங்காது. அது தேய்மானம். சொத்தையை நீக்குகிற கட்டமே அதில் கிடையாது.

சரி, கிளாஸ் டூவுக்கு வருகிறேன். பிராக்டிகலில் மாணவர்களைப் பயமுறுத்துவது அதுதான். வலது கீழ்த்தாடை முதல் கடைவாய்ப் பல், அதாவது 46, மீசியல் பக்கம், பாதரசக் கலவையான அமால்கம் அடைக்க எம்.ஓ. வெட்ட வேண்டும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை கிளினிக்குகளில் சொல்லிவைத்துப் பிடுங்கிய பற்களை வாங்கி, ஃபார்மலினில் போட்டு வைத்து, பிளாஸ்டர் பிளாக்கில் பதித்துக் கொண்டுவருவார்கள். பிளாக்கைப் பார்க்கும்போதே பாதி முடிவு தெரிந்துவிடும். 46-க்கும் முன்னால் உள்ள 45-க்கும் நடுவே இடைவெளி விட்டுப் பதித்தால் அந்த வேலை வீண். தொடுகிற இடமே இல்லாதபோது, பெட்டியின் ஓரம் பக்கத்துப் பல்லிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எதை வைத்து அளப்பது? டென்டல் ஃப்ளாஸை இடுக்கில் விட்டுப் பார்ப்பேன். தடைபட்டு இறங்கினால்தான் பல்லைத் தொடச் சொல்வேன்.

முதலில் மெல்லும் பரப்பு. 245 என்ற பேரிக்காய் வடிவ பர்ரின் வெட்டும் தலை 3 மி.மீ. நீளம், விட்டம் 0.8 மி.மீ. நடுப் பள்ளத்தில் தலை பாதி மறைந்தால் ஆழம் 1.5 மி.மீ. அளவுகோல் கையிலேயே இருக்கிறது. ஏன் இந்த ஆழம் என்பதைப் புரிந்துகொள்ளாமல் வெட்டக்கூடாது. அமால்கம் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மெல்லியதாக இருந்தால் கடிக்கும்போது நொறுங்கும். அகலம் மட்டும் எதிரெதிர் கூர்முகடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் கால் பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. ஆழம் அமால்கத்தைக் காப்பாற்ற, குறுகல் பல்லைக் காப்பாற்ற.

பிறகுதான் மீசியல் பெட்டி. பெரும்பாலான மாணவர்கள் பர்ரை நேரே வெளியே தள்ளி, வரம்பை ஒரே இழுப்பில் அறுத்துவிடுவார்கள். 45-இன் பின்பக்கத்தில் கோடு விழுவது அந்த நொடியில்தான். நிஜ நோயாளிக்கு என்றால், சொத்தை இல்லாத பல்லில் நாமே அழுக்கு தங்க ஓர் இடம் செய்துகொடுத்தோம் என்று அர்த்தம். சரியான வழி, வரம்புக்குச் சற்று உள்ளே, எனாமலும் டென்டினும் சேரும் கோட்டின் மேல் பர்ரை நிறுத்துவது. 0.8 மி.மீ. தலையில் 0.5 மி.மீ. டென்டினிலும் 0.3 மி.மீ. எனாமலிலும் இருக்கும்படி, கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் போய்வந்து கீழே இறக்க வேண்டும். 45-ஐப் பார்த்த பக்கத்தில் எனாமல் மெல்லிய தகடாக நின்றுகொண்டே இருக்கும். அதுதான் பக்கத்துப் பல்லுக்குக் கவசம். தொடுகிற இடத்துக்குக் கீழே வந்த பிறகு, அந்தத் தகட்டை ஸ்பூன் எக்ஸ்கவேட்டரால் நெம்பினால் உடைந்து விழும். இடுக்கில் ஓர் எஃகுப் பட்டையையும் ஆப்பையும் வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

உடைந்த ஓரத்தை அப்படியே விட முடியாது. தாங்க டென்டின் இல்லாத எனாமல் கம்பிகள் அங்கே நிற்கும். வெள்ளையாக, சுண்ணாம்பு போலத் தெரியும், ஹேட்செட் என்ற கைக்கருவியால் சீவினால் பொடியாக உதிரும். உதிர்வது நிற்கும் வரைக்கும் சீவ வேண்டும். பெட்டியின் தரை 45-இலிருந்து அரை மி.மீ. விலகியிருக்க வேண்டும். பக்கச் சுவர்கள் எக்ஸ்ப்ளோரர் முனை நுழைகிற அளவு விலகினால் போதும். அதிகம் விலகினால் பல் வீண், விலகாமல் இருந்தால் ஓரத்தைச் சீவவும் முடியாது, அடைக்கும்போது அமால்கத்துக்குச் சுவராக நிற்கும் மேட்ரிக்ஸ் பட்டை உட்காரவும் செய்யாது.

மெல்லும் பரப்பின் தரையும் பெட்டியின் உள்சுவரும் சந்திக்கும் விளிம்பைக் கூர்மையாக விட்டுவிடுவது அழகான வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். கூர் விளிம்பில்தான் அமால்கம் விரிசல் விட்டு, பெட்டி ஒரு துண்டு, மேல்பகுதி ஒரு துண்டாக இரண்டாகப் போகும். அதை லேசாக மழுக்க வேண்டும்.

சரிபார்ப்பதற்கு மாணவர்களுக்கு இரண்டு வேலை சொல்லியிருக்கிறேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். கன்னப்பக்க, நாக்குப்பக்கச் சுவர்கள் முழுதாகத் தெரிந்தால் அவை மேல்நோக்கி விரிகின்றன, அமால்கம் மேலே கழன்று வரும். சுவர் கண்ணுக்கு மறைந்தால் மேலே குறுகியிருக்கிறது, பிடிப்பு இருக்கிறது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் எல்லாச் சுவரும் தெரிந்து ஏமாற்றும். அடுத்து, பல்லை ஈரமாக்கி, மெழுகை இளக்கி அழுத்தி, ஆறியதும் 45-ஐப் பதித்த துண்டை விலக்கிவிட்டு, மெழுகை மீசியல் பக்கமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். வழுக்கி வெளியே வந்தால் மெல்லும் பரப்பின் பின்கோடியில் டவ்டெயில் போதவில்லை. மரப்பெட்டி மூலையில் ஆசாரி அடிக்கிற பிணைப்பு செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது: பெட்டியில் உள்ள அமால்கம் பக்கவாட்டில் நழுவாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது.

"இப்பல்லாம் காம்போசிட்தானே மேடம் போடுறாங்க, இதெல்லாம் எதுக்கு?" என்று வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல், சில விதிவிலக்குகள் தவிர, அமால்கம் அடைக்கக் கூடாது. பல் நிறப் பிசினான காம்போசிட் பல்லோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் டவ்டெயில் வேண்டாம், கீழ்நோக்கி விரிந்த சுவர் வேண்டாம், 1.5 மி.மீ. கட்டாயமும் இல்லை. இடுக்கில் மட்டும் சொத்தை இருந்தால் மெல்லும் பரப்பைத் தொடாமலே சின்னப் பெட்டியோடு நிறுத்தலாம். வருங்காலச் சொத்தையைத் தடுக்க நல்ல பள்ளத்தையும் சேர்த்து வெட்டச் சொன்ன பிளாக்கின் காலத்து வழக்கத்தை நானும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் அந்தப் பையனிடம் திருப்பிக் கேட்டேன்: காம்போசிட் போட்டால் 45-இல் கோடு விழாதா? எனாமல் ஓரம் உதிராதா? இடுக்கில் ஈரம் புகுந்தால் ஒட்டுவதே நடக்காது என்பதால், பெட்டியின் தரை ஈறுக்குக் கீழே போகாமல் இருப்பது முன்பைவிட முக்கியம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ மாறினது டவ்டெயில்தான், பாக்ஸ் மாறல" என்றான்.

இந்த வருடம் வைவாவில் கிளாஸ் எண்ணை நான் நேரடியாகக் கேட்பதில்லை. பல்லைக் கொடுத்து, சொத்தை பிறந்த இடத்தை எக்ஸ்ப்ளோரரால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன். எந்த வரம்பை உடைக்கப்போகிறாய், எதை விட்டுவைப்பாய் என்று கேட்கிறேன். எண்ணை எழுதுவது அதற்குப் பிறகு, பர் மாட்டுவது அதற்கும் பிறகு.