போட்டாச்சுன்னேன்

பொறுப்பாசிரியரின் மின்னஞ்சல் நான்கு வரிதான், அதையும் அவர் மரியாதையாகவே எழுதியிருந்தார். உழைப்பாளர்கள் தம் கைப்பட எழுதிய அனுபவங்களின் தொகுப்பு இது என்பதால், செயற்கை நுண்ணறிவு எழுதியதாகத் தோன்றும் கட்டுரையைச் சேர்க்க இயலவில்லை என்றும், சோதித்துப் பார்த்த செயலியும் அவ்வாறே காட்டியது என்றும் அதில் இருந்தது. அதை எனக்கு அனுப்பிவிட்டு அண்ணாச்சி தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

“ஏம்மா, இது நான் எழுதினதுதான?”

நான் திருத்திக் கொடுத்ததை அன்றைக்குத்தான் அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்திருக்கிறார். வாசித்த பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டி அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் ஒரு நொடிகூடத் தயங்காமல், “உங்களோடதுதான் அண்ணாச்சி, நான் பிழை மட்டும்தான் பாத்தேன்” என்று சொன்னேன். இரண்டு மாதமாகியும் அந்தப் பதிலை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

அண்ணாச்சி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன குழுக்களில் ஒன்றில் அவரும் போயிருந்தார். விழுந்த போஸ்ட்டுகளைத் தூக்கி நட்டதையும், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கம்பி இழுத்ததையும் ஒரு பழைய நாட்குறிப்பேட்டில் 22 பக்கம் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். “பிழை இல்லாம இருந்தா போதும்மா. படிச்சவங்க பாத்துச் சிரிச்சிரக்கூடாது” என்பதுதான் அவர் என்னிடம் கேட்டது. நானே தட்டச்சு செய்து, பிறகு திருத்தினேன்.

என்ன திருத்தினேன் என்பதற்கு ஓர் இடத்தை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன். மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதியான லைன் கிளியரை வாங்கி, ஏ.பி. சுவிட்சைத் திறந்து லைனைத் துண்டித்துவிட்டாலும், கம்பியில் கை வைப்பதற்கு முன் எர்த் ராடை மாட்டி லைனைத் தரையோடு இணைத்தாக வேண்டும். புயலுக்குப் பின் ஊரே இருட்டாக இருந்தாலும் எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடும். அதைச் சரியாகப் பிரிக்காமல் மாட்டியிருந்தால் அந்த மின்சாரம் லைனில் திரும்பி ஏறிவிடும். இதையெல்லாம் தமக்குத் தெரிந்த மொழியில் விளக்கிவிட்டு அண்ணாச்சி இப்படி எழுதியிருந்தார்:

“எர்த் போட்டியான்னு போர்மேன் கேட்டார். போட்டாச்சுன்னேன். போட்டது நான் இல்ல மாரி. நான் பாக்கல. மாரி மேல ஏறுனான். அன்னைக்கி ராத்திரி பூரா அதே தான்.”

என் கையிலிருந்து அது இவ்வாறு வெளியே போயிற்று:

“பாதுகாப்புக்கான எர்த் இணைப்பு பொருத்தப்பட்டுவிட்டதா என்று போர்மேன் வினவினார். முறைப்படி பொருத்தப்பட்டுவிட்டது என்று நான் அவருக்குப் பதிலளித்தேன். அப்பணியை மேற்கொண்டவர் மாரி என்றாலும், பொறுப்பேற்றுப் பதில் கூறியவன் நான் என்பதால், அன்றிரவு முழுவதும் அந்நினைவு என்னை விட்டு அகலவில்லை.”

இதில் சந்திப் பிழையோ எழுத்துப் பிழையோ ஒருமை பன்மை மயக்கமோ கிடையாது. ஆனால் ‘நான் பாக்கல’ எங்கே போயிற்று? தட்டச்சுப் படியின் ஓரத்தில் அந்த இடத்துக்கு நேராக ‘எதை?’ என்று குறித்து வைத்திருந்தேன். செயப்படுபொருள் இல்லாத, பாதியில் நின்ற வாக்கியமாகவே அது என் கண்ணுக்குப் பட்டது. அண்ணாச்சியிடம் கேட்டிருக்க வேண்டும். அன்று இரவு அச்சகத்துக்கு வேறொரு நூலின் மூன்றாம் மெய்ப்பை அனுப்பவேண்டியிருந்ததால் கேட்கவில்லை. அதை எடுத்துவிட்டேன், மாரி மேலே ஏறியதும் அதோடு சேர்ந்து போயிற்று. எர்த் போட்டதைத் தன் கண்ணால் பார்க்காமலே, போட்டாகிவிட்டது என்று உறுதி சொல்லி ஒருவனைக் கம்பத்தில் ஏறவிட்ட மனிதரின் வாக்குமூலம் அது. மாரிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் சரியாகத்தான் மாட்டியிருந்தார். ஆனாலும் அந்த 22 பக்கமும் எழுதப்பட்டதே அந்த இரண்டு சொல்லுக்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

மின்னஞ்சல் வந்த அன்று இரவு இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு சொற்களை எண்ணினேன். அண்ணாச்சியின் வாக்கியங்களில் ஒரே சொல்லில் முடிபவை இருந்தன, 38 சொல்வரை மூச்சுவிடாமல் ஓடுபவையும் இருந்தன. என்னுடைய படியில் பெரும்பாலானவை 7 முதல் 15 சொல்லுக்குள் அடங்கியிருந்தன. அவர் எல்லா இடத்திலும் ‘போஸ்ட்’ என்றே எழுதியிருந்தார். ஒரே சொல் மூன்று வரிக்குள் திரும்ப வந்தால் மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரு பழக்கம் உண்டு என்பதால், அது என்னிடம் மின்கம்பம், கம்பம், தூண் என்று மூன்றாகப் பிரிந்திருந்தது. எந்த லைன்மேனும் அதைத் தூண் என்று சொல்லமாட்டார்.

கண்டறியும் செயலிகள் பலவும் ஏறத்தாழ இவற்றைத்தான் அளக்கின்றன. ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பது ஓர் அளவு. வாக்கியங்கள் நீண்டும் குறுகியும் எவ்வளவு மாறுகின்றன என்பது இன்னோர் அளவு. ‘வினவினார்’ வந்துவிட்டால் பின்னால் ‘பதிலளித்தேன்’ வரும் என்று யாராலும் சொல்லிவிட முடியும். ‘போட்டாச்சுன்னேன்’ என்பதற்குப் பின்னால் ‘நான் பாக்கல’ வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஊகிக்க முடியாதவற்றையெல்லாம் நான்தான் தேடித்தேடி எடுத்திருக்கிறேன். என் தொழிலில் அதற்குப் பெயர் செம்மையாக்கம்.

இந்தச் செயலிகளை முழுதாக நம்பக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் அது மிகவும் மோசமாகச் செயல்படும் என்று அப்போதே எச்சரித்தது. துல்லியம் போதவில்லை என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் அதை நிறுத்தியும்விட்டது. இதையெல்லாம் எழுதிப் பொறுப்பாசிரியரிடம் வாதாடலாம் என்று முதலில் நினைத்தேன், பாதி எழுதவும் செய்தேன். ஆனால் அவர் செயலியை மட்டும் நம்பிச் சொல்லவில்லையே. தம் கண்ணாலும் வாசித்துவிட்டுத்தான் சொன்னார், அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இயந்திரம் தன் தமிழைக் கற்றுக்கொண்டதும் நான் என் தமிழைக் கற்றுக்கொண்டதும் ஒரே வகை அச்சுத் தாள்களிலிருந்துதான்: செய்தித்தாள், பாடநூல், அரசு அறிவிக்கை. அவற்றையும் என்னைப் போன்ற யாரோ ஒருவர் மெய்ப்புப் பார்த்து வழித்துவிட்டிருக்கிறார்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பதினேழு ஆண்டுகளில் என்னிடம் வந்தவர்களில் ஒருவர்கூட, என் பேச்சு அப்படியே இருக்கட்டும் என்று கேட்டதில்லை. ‘நல்ல தமிழில் மாற்றிக் கொடுங்கள்’ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வட்டார வழக்கில் எழுதுவது பெயர்பெற்ற எழுத்தாளருக்கு அழகாகிறது, ஐ.டி.ஐ. படித்த ஒருவர் ‘இல்ல’ என்று எழுதினால் அதைப் பிழை என்கிறார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து அவரைக் காக்க வேண்டும் என்றுதான் நான் கூடுதலாகவே மெனக்கெட்டேன். அவரிடம் வாங்கிய பணத்துக்கு மேல் இரண்டு நாள் வேலை செய்திருக்கிறேன். அந்த இரண்டு நாள் கூடுதல் அக்கறைதான் கட்டுரையைக் கெடுத்தது என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று தெரியவில்லை. அவசரமாகப் பார்த்து, ஒற்றெழுத்தை மட்டும் போட்டு அனுப்பியிருந்தால் அது தொகுப்பில் சேர்ந்திருக்கும்.

இதற்குப் பிறகு பழைய கோப்புகளைத் திறக்கவே பயமாக இருக்கிறது. சென்ற ஆண்டு ஓர் ஆய்வு மாணவி தன் நெறியாளர், “இந்த இயலை யார் எழுதிக் கொடுத்தது?” என்று கேட்டதாகச் சொல்லி அழுதாள். அப்போது நெறியாளர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. என் பெயரை எங்கும் சொல்லாமல் அவள் தனியாகவே அதைச் சமாளித்தாள். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நாட்குறிப்பேட்டுப் பக்கங்களின் படங்களைப் பொறுப்பாசிரியருக்கு அனுப்பி, நடந்ததை மறைக்காமல் எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டிருந்தார், கையெழுத்துப் படியை அப்படியே வெளியிட விரும்புவதாகவும் சொல்லியிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் அண்ணாச்சியை அழைத்தேன்.

“அதைப் போடாதீங்கம்மா” என்றார்.

ஒற்றுப் பிழைகளை மட்டும் நீக்கி, பேச்சை அப்படியே வைத்து மூன்றாவதாக ஒரு படி தயாரிக்கலாம் என்று சொன்னேன். அதற்கு ஒப்புக்கொண்டார். தயாரித்து அனுப்பினேன். நேற்று முன்தினம் அதை முழுக்க வாசித்துவிட்டு அழைத்தார். ‘போஸ்ட்’ திரும்பி வந்ததில் அவருக்குச் சந்தோஷம். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அந்த ‘நான் பாக்கல’ங்கறது இருக்கணுமாம்மா?”

“நீங்க எழுதினதுதான அண்ணாச்சி?”

“எழுதினேன். ஆனா நீங்க மாத்துனதுல அது இல்லலா. பொறுப்பேற்றுன்னு ஒண்ணு போட்டிருந்தீங்க. அதை வாசிச்சப்ப மனசுக்கு ஒரு மாதிரி ஆறுதலா இருந்துச்சு. மாரியும் வாசிப்பான்லா.”

அது உங்கள் சொல் அல்ல, நான் கண்டுபிடித்த சொல் என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையை அழித்துவிட்டேன் என்று இரண்டு மாதம் வருந்திக்கொண்டிருந்த இடத்தில், அவருக்கு ஓர் இளைப்பாறுதல் கிடைத்திருக்கிறது. அதைப் பிடுங்குவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு மட்டும் எங்கிருந்து உரிமை வரும்? “நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கோப்பு திறந்தே இருக்கிறது. ‘நான் பாக்கல’ என்ற இடத்தில் ஓரக்குறிப்பாக, முன்பு போட்ட ‘எதை?’ என்பதை அழித்துவிட்டு, ‘அண்ணாச்சியிடம் கேட்க’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.