கதவில் ஒட்டியிருந்த சீட்டு

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்கு வந்து நான்காவது மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வேலையில் இருந்தபோது கணவர் ஒரு புகைப்படம் அனுப்பினார். "கதவுல ஒட்டியிருந்துச்சு, என்னன்னு பாரு." கோடு போட்ட தாளில் நீல மையில் பத்து வரி, எல்லாம் கூட்டெழுத்து. அச்செழுத்து ஜெர்மன் எனக்கு ஓரளவு வரும். இந்தக் கையெழுத்தில் 'u' எது, 'n' எது என்றே பிடிபடவில்லை.

புரிந்த சொற்கள் மூன்று: மாலை, சத்தம், தயவுசெய்து. அப்புறம் 27 என்று ஓர் எண். அதை 27ஆம் தேதி என்று எடுத்துக்கொண்டேன். அன்று நாங்கள் டிரெஸ்டனில் நண்பர் வீட்டில் இருந்தோம். வீட்டில் இல்லாத நாளுக்குப் புகாரா என்று கோபம் வந்துவிட்டது. திரும்பும் டிராமிலேயே மனதுக்குள் காட்டமாக ஒரு பதில் எழுதி முடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து தாளைக் கையில் வாங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஜெர்மன்காரர்கள் 1 எழுதும்போது கீழேயிருந்து நீளமாக ஒரு சாய்கோடு இழுத்து மேலே கொண்டுபோவார்கள். நம் கண்ணுக்கு அது 7 மாதிரியே இருக்கும். அவர்களுடைய 7இல் நடுவே ஒரு குறுக்குக் கோடு இருக்கும். இதில் அந்தக் கோடு இல்லை. ஆக அது 21, இரவு ஒன்பது மணி. புகைப்படத்தில் வராத பின்பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகள்: "நான் காலை நாலரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். மணி அடித்துப் பேசினாலும் சரி." கீழே கையெழுத்து. எங்களுக்கு நேர் கீழ்வீட்டு அம்மா.

ஒன்பது மணிச் சத்தம் எதுவென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கிரைண்டர்தான். மேடையில் இடமில்லாததால் தரையில் வைத்து, குழந்தை தூங்கிய பிறகு வாரம் இரண்டு முறை மாவரைப்போம். எங்கள் கட்டடம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது, தளமெல்லாம் மர உத்தரம். நமக்கு மெல்லிய உறுமலாகக் கேட்பது மரம் வழியாக இறங்கி, கீழே படுத்திருப்பவருக்கு முக்கால் மணி நேரம் தலைக்குமேல் அதிரும்.

இங்கே வழக்கமாக இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். நாங்கள் அதை மீறவில்லை. ஆனால் மற்ற நேரத்திலும் சத்தம் அறைக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. "பத்து மணிக்கு முன்தானே" என்று எழுதியிருந்தால் அடுத்த சீட்டு நேராகக் கட்டட நிர்வாகத்துக்குப் போயிருக்கும். அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். அதே சமயம் "இனி சத்தமே வராது" என்றும் எழுதவில்லை. இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வாக்கு ஒரு நாள்கூடத் தாங்காது. "எல்லாவற்றுக்கும் மன்னியுங்கள்" என்று மொத்தமாகவும் எழுதக் கூடாது. செய்தது எதுவோ அதற்கு மட்டும் ஒருமுறை வருத்தம் சொன்னால் போதும்.

அவர் கையால் எழுதியதால் நானும் கையால்தான் எழுதினேன். அச்சடித்துக் கொடுத்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். மேலே தேதி, அவருடைய குடும்பப்பெயர், மரியாதைப் பன்மை. எழுதியது இவ்வளவுதான்:

"உங்கள் சீட்டுக்கு நன்றி. மாலையில் கேட்கும் அதிர்வு எங்கள் மாவரைக்கும் இயந்திரத்தினுடையது. அது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் என்று நாங்கள் அறியவில்லை, வருந்துகிறோம். இந்த வாரம் முதல் சனிக்கிழமை காலை 10 முதல் 11 மணிக்குள் மட்டும், அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு அரைப்போம். மகள் ஓடும் சத்தம் சில சமயம் கேட்கலாம். நடைவழியில் கம்பளம் விரிக்கிறோம். மறுபடியும் தொந்தரவாக இருந்தால் தயங்காமல் மணி அடியுங்கள்."

சனிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஞாயிறு முழுக்க அமைதி நாள். எங்கள் கட்டட விதித்தாளில் மதியம் 1 முதல் 3 வரையும் ஓய்வு நேரம். விரிப்பு, வாஷிங் மெஷினுக்கு அடியில் போடுகிற தடித்த ரப்பர்தான், ஹார்டுவேர் கடையில் கிடைத்தது. எங்கள் வீட்டு ஜெர்மன் ஆசிரியை ஒரு வேற்றுமைப் பிழையைத் திருத்திக் கொடுத்தார். பதிலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு (இந்த முறை இரண்டு பக்கமும்) கீழ்வீட்டு அம்மாவின் தபால்பெட்டியில் போட்டேன்.

சனிக்கிழமை கிரைண்டரைப் போட்டுவிட்டு கணவர் கீழே போய் மணி அடித்தார். அந்த அம்மா அவரைப் படுக்கையறைக்கே கூட்டிப்போய், "கேளுங்கள்" என்றாராம். லேசாகக் கேட்டது. பகலில் இது பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அதில் என்ன அரைக்கிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார்.