கதவு லேசாகத் திறந்த பிறகே தேதி சொன்னோம்

மார்ச் 3
உணவகத்தை மூடி இன்றோடு 18 நாள். சமையலறைப் புகை சாப்பிடும் இடத்துக்கு வருகிறது என்றுதான் மூடினோம். பழைய புகைக்குழாயைக் கழற்றினால், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு விரல் தடிமனுக்கு அப்பியிருக்கிறது. ஒரு நாள் அடுப்புத் தீ மேலே எட்டியிருந்தால் குழாய் முழுக்கப் பற்றியிருக்கும். புதுக்குழாயில் ஒவ்வொரு வளைவிலும் திறந்து கழுவ மூடி வைக்கச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5
புது எக்ஸாஸ்ட் ஓடியது. ஓர் அடுப்போடு பார்த்தபோது குறையில்லை. எல்லா அடுப்பையும் ஏற்றியதும் ஓரங்களில் புகை வழிந்தது. இதைவிடப் பெரிய மோட்டார் போடலாம் என்றார் வேலைக்காரர். அப்போது வெளியே போயிருந்த மாஸ்டர் திரும்பி வந்து வாசல் கதவை இழுத்தார், அசையவில்லை. பின்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டேன், கதவு உடனே வந்தது, புகையும் நேராக மேலே ஏறியது. அப்போதுதான் புரிந்தது: காற்றை வெளியே தள்ள வழி செய்தோம், உள்ளே வர வழி செய்யவில்லை. பெரிய மோட்டார் போட்டிருந்தால் கதவு இன்னும் இறுகியிருக்கும்.

மார்ச் 9
வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறி வந்துவிட்டது. வெளியேறும் காற்றில் சுமார் 80 சதவீதம்தான் இதன் வழியே வரும். மீதி சாப்பிடும் இடத்திலிருந்து சமையலறைக்குப் போக வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் வாசனையும் சூடும் சாப்பிடும் பக்கம் திரும்பிவிடும். மெல்லிய காகிதத்தைப் புகைக்கூண்டின் நான்கு மூலையிலும் பிடித்துப் பார்த்தேன். மூன்றில் உள்நோக்கி இழுத்தது. நான்காவதில் சும்மா தொங்கியது, காற்று வரும் வாய் அதை நோக்கியே இருந்தது. திருப்பி வைத்த பிறகு சரியானது.

மார்ச் 11
இரவில் வீட்டாரையும் நண்பர்களையும் உட்கார வைத்து ஒத்திகை. 30 பேர். புகை இல்லை. ஆனால் கடைசி ஆர்டர் மூடும் நேரத்தில் வந்ததால், புகைக்கூண்டின் வடிகட்டித் தட்டுகளைக் கழுவி முடிக்க நள்ளிரவு ஆயிற்று. பழைய பிசுக்கு இப்படித்தான் சேர்ந்திருக்கும்: களைத்த கைகள் நாளை கழுவலாம் என்று விட்டுவிடும். அதனால் கடைசி ஆர்டர் நேரத்தை முன்னதாக மாற்றிவிட்டேன். சிலருக்கு வருத்தம் இருக்கும், தெரியும்.

மார்ச் 12
இன்று மாலை கேஸ் இணைப்புச் சோதனையும் முடிந்தது. அதுவரை திறக்கும் தேதியை யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன நாளில் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் மறுபடி வருவது அரிது. எழுதி வைத்த அறிவிப்பு இது:

“மார்ச் 15, ஞாயிறு காலை 11 மணிக்குத் திறக்கிறோம். மதியம் 11 முதல் 3.30 வரை, மாலை 6 முதல் இரவு 10.30 வரை. இரவு 9.45க்குப் பிறகு ஆர்டர் எடுக்க இயலாது. செவ்வாய் விடுமுறை. புகைக்குழாயும் காற்றோட்டமும் புதிது. உள்ளே கண் எரியாது. முதல் வாரம் பார்சல் கிடையாது.”

இணைய வரைபடத்தில் ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்றே இருந்தது. அதையும் புது நேரத்தோடு மாற்றிவிட்டு, வாசலில் பழைய நேரப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தேன்.