"சும்மா பார்க்க வந்தேன்": பட்டுக் கடைக் குறிப்புகள்

ஆகஸ்ட் 11

ஆடித் தள்ளுபடியின் கடைசி வாரம். "சும்மா பார்க்க வந்தேன்" என்று யாராவது சொன்னால், புதிதாகச் சேர்ந்த பெண் உடனே, "என்ன விலையில் வேண்டும் அக்கா?" என்கிறாள். வந்தவரின் கண் வாசலுக்குப் போய்விடுகிறது.

காஞ்சிபுரத்துக் கடைகளில் பாயில் உட்காரவைத்துப் புடவைகளைப் பிரித்துக் குவிப்பது வழக்கம். அத்தனையும் பிரித்தபின் வெறுங்கையோடு எழப் பலருக்குக் கூச்சம். அதனால்தான் 'சும்மா' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில் இது: "தாராளமாகப் பாருங்கள் அக்கா. கோர்வைப் பட்டு இந்த அலமாரியில், பருத்தி அடுத்ததில். விலைச்சீட்டு ஓரத்திலேயே இருக்கிறது. நான் அங்கே மடித்துக்கொண்டிருக்கிறேன்." இதில் கேள்வியே கிடையாது. சொல்லிவிட்டு உண்மையாகவே நகர்ந்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 13

எங்கே நிற்பது என்று கேட்டாள். பின்னாலேயே நடந்தால் சந்தேகப்படுவதாகத் தோன்றும். கைப்பேசியில் மூழ்கினால் கூப்பிடத் தயங்குவார்கள். பிரித்த புடவைகளை மடிக்கும் வேலை எப்போதும் இருக்கிறது. சாதாரணக் குரல் எட்டும் தூரத்தில், பக்கவாட்டாக நின்று அதைச் செய்யலாம். சில புடவைகளை முந்தானை தெரியும்படி மேசைமேல் விரித்து வைத்தோம். எடுத்துத் தரச் சொல்லாமல் தாங்களே தொட்டுப் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 16

இன்று ஓர் அம்மா 'சும்மா' என்றபடியே வந்தார். விலைச்சீட்டைப் புரட்டினார், உடனே புதுப் பெண் அவரிடம் போகப் பார்த்தாள், கண்ணால் நிறுத்தினேன். விலை பார்ப்பது மட்டும் அழைப்பு ஆகாது. அவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சளிடமே திரும்பினார். கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பி, பின்பக்கம் விரலால் தடவினார். பிறகு தலை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் போனேன்.

"பிடித்திருக்கிறதா?" என்று கேட்கவில்லை. விரல் இருந்த இடத்தைப் பற்றியே பேசினேன்: "கோர்வை அம்மா. தறியில் உடலுக்கு ஒரு நாடா ஓடும், இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஊடை இழைகள் இங்கேதான் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன." அவரே பிரிக்கச் சொன்னார். வாசல் வெளிச்சத்தில் நிறத்தைக் காட்டினேன். மகள் பார்க்க வேண்டும் என்றார். புடவை எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன், வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 19

எல்லோரையும் தனியே விடவும் கூடாது. முழங்கால் வலியோடு வரும் பெரியவர்களுக்கு முதலில் நாற்காலி. கூட்ட நேரத்தில் 'சும்மா' என்றவரை அடியோடு மறந்துவிடுவோம். ஒவ்வொரு புடவையை மடித்து முடித்ததும் ஒருமுறை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

"நிமிர்ந்தே பார்க்காவிட்டால்?" என்றாள். அவர் அடுத்த அலமாரிக்கு நகரும்போது ஒரே ஒரு தகவல் சொல்லலாம்: "இதே கரையில் வேறு நிறங்கள் உள்ளே இருக்கின்றன அக்கா." அதற்கும் தலையசைத்து நகர்ந்துவிட்டால் மீண்டும் மடிப்பு வேலைதான்.